இரண்டு மரமும் சரி, ஆனால் பிட் வரிசை ஒன்றுக்குத்தான் சொந்தம்

அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டையான பிட் வரிசையும் அரிதாக வருவதற்கு நீளமானதும் கொடுத்துச் செய்தியைச் சுருக்கும் ஹஃப்மன் குறியீடு பற்றிய அசைன்மென்ட் கொடுக்கப்பட்ட இடத்திலெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "நான் வரைந்த மரமும் விடையில் இருக்கும் மரமும் வேறு வேறாக இருக்கின்றன. எங்கே தப்புப் பண்ணினேன்?" பெரும்பாலும் எங்கேயும் தப்பு இல்லை. கேட்டவர் கணக்கைப் படிப்படியாகச் சரியாகவே போட்டிருப்பார். ஆனாலும் அவர் வரைந்த மரத்தைக் கொண்டு கேள்வித்தாளில் உள்ள பிட் வரிசையைப் பிரித்தால் அர்த்தமற்ற எழுத்துகள்தான் வரும். முதல் பகுதியில் முழு மதிப்பெண் பெற வேண்டியவர் இரண்டாம் பகுதியில் பூஜ்யம் வாங்குகிறார், ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. பாடம் நடத்தும்போது "மிகச் சிறிய இரண்டை எடு, சேர், திரும்பப் போடு" என்று மூன்றே கட்டளைகளில் முடித்துவிடுகிறோம். மிகச் சிறியவை மூன்று இருந்தால் எந்த இரண்டை எடுப்பது என்பதை விட்டுவிடுகிறோம். இந்த வேலையில் வரும் சிக்கலில் பாதிக்கும் மேல் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

சின்ன எடுத்துக்காட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம். ஐந்து எழுத்துகள் போதும். பத்து எழுத்து நீளமுள்ள ஒரு செய்தியில் அ நான்கு முறை, இ இரண்டு முறை, உ இரண்டு முறை, எ ஒரு முறை, ஒ ஒரு முறை வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லா எழுத்துக்கும் ஒரே நீளத்தில் குறியீடு கொடுத்தால், ஐந்து எழுத்தைப் பிரித்தறிய ஆளுக்கு 3 பிட் வேண்டும். மொத்தம் 30 பிட். ஹஃப்மன் முறையில் அது 22 பிட்டாகக் குறையும். எந்த மரத்தை வரைந்தாலும் 22-தான். ஆனால் வரையக்கூடிய மரம் ஒன்று மட்டும் இல்லை.

## இரண்டு எண்ணிக்கை சமமானால்

முதல் படியில் குழப்பமே இல்லை. மிகச் சிறியவை எ (1), ஒ (1). இரண்டையும் சேர்த்தால் எடை 2 உள்ள ஒரு கணு கிடைக்கிறது. அதைத் திரும்ப வரிசையில் போடுகிறோம். இப்போது கையில் இருப்பவை இ 2, உ 2, புதுக் கணு 2, அ 4. அடுத்து மிகச் சிறிய இரண்டை எடுக்க வேண்டும். 2 என்ற எடையோடு மூவர் நிற்கிறார்கள்.

பழையவருக்கே முதலிடம் என்று முடிவுசெய்தால் இ-யும் உ-வும் சேர்ந்து 4 ஆகும். பிறகு புதுக் கணு 2-ஐ எடுக்கிறோம். அதோடு சேர அ 4-ம் இருக்கிறது, இ-உ சேர்ந்த 4-ம் இருக்கிறது. மறுபடியும் பழையவருக்கே முதலிடம் என்றால் அ வருகிறது, எடை 6 ஆகிறது. கடைசியில் 4-ம் 6-ம் சேர்ந்து வேர் 10. முதலில் எடுத்ததற்கு இடப்பக்கம் 0, அடுத்ததற்கு வலப்பக்கம் 1 என்று குறித்துக்கொண்டே போனால் கீழே உள்ள முதல் பத்தி கிடைக்கும். இதற்கு மாறாக, சேர்த்து உருவான கணுவுக்கு முதலிடம் என்று வைத்தால் அது இ-யோடு சேர்ந்து 4 ஆகும். மீதமுள்ள உ 2, அந்த 4-உடன் சேர்ந்து 6 ஆகும். கடைசியில் அ 4 அதோடு சேர்ந்து 10 ஆகும். அது இரண்டாம் பத்தி.

```
எழுத்து   முதல் மரம்   இரண்டாம் மரம்
அ          11            0
இ          00            111
உ          01            10
எ          100           1100
ஒ          101           1101
```

பார்வைக்கே வேறு வேறு ஜாதி. முதல் மரத்தில் நீளங்கள் 2, 2, 2, 3, 3. இரண்டாவதில் 1, 3, 2, 4, 4. ஆனால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். முதலில் 8 + 4 + 4 + 3 + 3. இரண்டாவதில் 4 + 6 + 4 + 4 + 4. இரண்டும் 22. மூன்றாவது வகையும் உண்டு: இ-உ சேர்ந்த 4-ஐ எ-ஒ சேர்ந்த 2-உடன் இணைத்துவிட்டால் அ-வுக்கு 1 பிட்டும் மற்ற நால்வருக்கும் 3 பிட்டும் வரும். 4 + 6 + 6 + 3 + 3, அதுவும் 22.

இது தற்செயல் அல்ல. ஓர் எழுத்து எத்தனை முறை சேர்க்கையில் மாட்டுகிறதோ அத்தனை பிட் ஆழத்தில் அது கிடக்கும். ஆகவே ஒவ்வொரு சேர்க்கையிலும் உருவான எடைகளைக் கூட்டினால் அதுவே மொத்த பிட் எண்ணிக்கை. இங்கே 2 + 4 + 6 + 10 = 22. எந்தச் சமனை எப்படி உடைத்தாலும் இந்த நான்கு எண்கள் மாறவில்லை, உள்ளே யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதுதான் மாறியது. கையால் மரம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சரிபார்ப்பு இல்லை. சேர்க்கை எடைகளைத் தனியாகக் கூட்டுங்கள், பிறகு எண்ணிக்கையைக் குறியீட்டு நீளத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மரத்திலிருந்து குறியீட்டை எழுதும்போது எங்கோ ஒரு கிளையைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

விடை திருத்துகிறவர் பார்க்க வேண்டியதும் இந்த மொத்தத்தைத்தான். எ என்றால் 100 என்று விடைத்தாளில் இருக்கிறது, மாணவர் 1100 என்று எழுதியிருக்கிறார், ஆகவே தப்பு என்று அடிப்பது அநியாயம். மொத்தம் 22 வந்து, எந்தக் குறியீடும் இன்னொன்றின் தொடக்கமாக இல்லாமல் இருந்தால் அது முழுமையான சரியான விடை. 1951-இல் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபேனோவின் வகுப்பில் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதத் தேர்ந்தெடுத்த மாணவர்தான் டேவிட் ஹஃப்மன். 1952-இல் அச்சான அவருடைய கட்டுரை நிறுவியது நீளம் மிகக் குறைவு என்பதைத்தான். மரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று அந்த முறை எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

## பிட் வரிசையைப் பிரிக்கும்போது

மரம் எதுவானாலும் சரி என்ற நிம்மதி டீகோட் செய்ய உட்காரும்போது போய்விடும். நம் செய்தி "அ இ அ உ எ அ உ ஒ இ அ" என்று வைத்துக்கொள்வோம். முதல் மரத்தால் என்கோட் செய்தால் கிடைப்பது இது:

```
1100110110011011010011
```

பிரிக்கும் வேலை எளிமையானது. வேரில் நில்லுங்கள். முதல் பிட் 1, வலப்பக்கம் இறங்குங்கள். அங்கே எழுத்து இல்லை, எடை 6 உள்ள உள்கணு. அடுத்த பிட் 1, மறுபடி வலப்பக்கம். அங்கே அ என்ற இலை. அ என்று எழுதிவிட்டு வேருக்குத் திரும்புங்கள். அடுத்து 0, 0: இ. அடுத்து 1, 1: அ. 0, 1: உ. அடுத்த 1 வலப்பக்கம், 0 எ-ஒ கணு, இன்னொரு 0 வந்தால்தான் எ. இப்படியே போனால் 22-ஆவது பிட்டில் பத்தாவது எழுத்தான அ-வில் வந்து நிற்போம். நிரலில் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. இலையை அடைந்ததும் வேருக்குத் திரும்பும் அந்தச் சுற்றிலேயே இன்னொரு பிட்டையும் தின்றுவிடுவார்கள். இலையா என்ற சோதனையைச் சுழற்சியின் தொடக்கத்தில் வைத்தால் இப்படி ஆகும். பிட்டைப் படி, இறங்கு, பிறகு இலையா என்று பார் என்ற வரிசையில் வைத்தால் ஆகாது. முதல் எழுத்து சரியாக வந்து இரண்டாவதிலிருந்து எல்லாம் கெட்டுப்போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இனி அதே 22 பிட்டை இரண்டாம் மரத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். 1100 என்றால் எ. 1101 என்றால் ஒ. 10 உ. 0 அ. 1101 ஒ. 10 உ. 10 உ. 0 அ. மீதம் 11. அதை வைத்து இறங்கினால் எந்த இலைக்கும் போகாமல் நடுவழியில் ஓர் உள்கணுவில் நிற்போம். "எ ஒ உ அ ஒ உ உ அ" என்று எட்டு எழுத்தும் இரண்டு அநாதை பிட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, வழி நெடுக மரம் ஒரு முறைகூட ஆட்சேபிக்கவில்லை என்பது. ஹஃப்மன் மரத்தில் ஒவ்வொரு உள்கணுவுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. ஆகவே 0 வந்தாலும் 1 வந்தாலும் போக ஒரு வழி இருக்கும். தப்பான மரத்திலும் எந்தப் பிட் வரிசையும் ஏதோ ஓர் எழுத்தாகப் பிரிந்துகொண்டே போகும். "இப்படி ஒரு குறியீடே இல்லை" என்று நிற்கவே நிற்காது. தவறு நடந்ததற்கு இரண்டே தடயங்கள்தான். ஒன்று, கடைசி பிட் முடியும்போது வேரில் இல்லாமல் நடுவில் நிற்பது. இன்னொன்று, வந்த எழுத்துகளின் எண்ணிக்கை மூலப் பட்டியலோடு ஒத்துப்போகாமல் இருப்பது. இங்கே ஒ ஒரு முறை வர வேண்டியது இரண்டு முறை வந்திருக்கிறது, நான்கு அ வர வேண்டிய இடத்தில் இரண்டு. கேள்வித்தாளில் எழுத்துகளின் எண்ணிக்கையும் பிட் வரிசையும் மட்டும் கொடுத்து "மரத்தைக் கட்டிப் பிரி" என்று கேட்டிருந்தால், விடையை ஒப்படைக்கும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் உங்கள் கணக்கு தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். கேள்வி தயாரித்தவர் சமனை வேறு விதமாக உடைத்திருக்கலாம். சமன் வந்த படிக்குத் திரும்பிப் போய் மற்ற வழியைப் போட்டுப் பாருங்கள்.

## தடயமே விடாத தவறு

மேலே சொன்னது பரவாயில்லை ரகம், கண்ணில் பட்டுவிடும். படாத ரகம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

பைத்தானில் இதை எழுதுகிறவர்கள் முதலில், இருப்பதில் மிகச் சிறியதை எடுத்துத் தரும் ஹீப்பான `heapq`-இல் எடையையும் கணுவையும் ஜோடியாகப் போடுவார்கள். சமன் வராதவரை அது ஓடும். சமன் வந்த கணமே எடைக்கு அடுத்ததாகக் கணுக்களை ஒப்பிடப் போய் `TypeError: '<' not supported between instances of 'Node' and 'Node'` என்று விழும். சோதனைத் தரவில் சமனே இல்லாமல் போய், மதிப்பிடும்போது முதன்முறையாக வருவதும் நடக்கும். இதற்கு எல்லோரும் செய்யும் பரிகாரம் நடுவில் ஒரு வரிசை எண்ணைச் சேர்ப்பது:

```python
heap = [(n, k, Node(ch)) for k, (ch, n) in enumerate(freq.items())]
heapq.heapify(heap)
k = len(heap)
while len(heap) > 1:
    n1, _, a = heapq.heappop(heap)
    n2, _, b = heapq.heappop(heap)
    heapq.heappush(heap, (n1 + n2, k, Node(None, a, b)))
    k += 1
```

பிழை போய்விடும். ஆனால் அந்த `k` என்ன செய்கிறது என்று யோசிக்காமலே பலர் நகர்ந்துவிடுகிறார்கள். சமனை உடைக்கும் விதியே அதுதான். சேர்த்த கணுவுக்கு எப்போதும் பெரிய எண் கிடைப்பதால் பழையவருக்கு முதலிடம் என்ற முதல் மரம் உருவாகிறது. அதுவரை நல்லது. எழுத்துகளுக்குள் யார் முந்தியவர் என்பதை மட்டும் `freq.items()` தீர்மானிக்கிறது. பைத்தானில் டிக்‌ஷனரி, எழுத்துகள் செய்தியில் முதன்முதலாகத் தோன்றிய வரிசையைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

என்கோட் செய்யும் நிரலிடம் செய்தி இருக்கிறது, ஆகவே அது தோன்றிய வரிசையைப் பின்பற்றும். டீகோட் செய்யும் நிரலிடம் செய்தி இல்லை, எண்ணிக்கைப் பட்டியல் மட்டும்தான். அந்தப் பட்டியலைக் கோப்பில் எழுதும்போது யாராவது அகர வரிசையில் அடுக்கியிருந்தால், அங்கிருந்து கட்டப்படும் மரம் அகர வரிசையைப் பின்பற்றும். நம் செய்தியில் எழுத்துகள் தோன்றுவது அ, இ, உ, எ, ஒ என்ற வரிசையில்தான். அகர வரிசையும் அதுவே. சோதனை வெற்றி, எல்லோருக்கும் சந்தோஷம். அதே செய்தியைத் தலைகீழாகத் திருப்பி "அ இ ஒ உ அ எ உ அ இ அ" என்று கொடுத்துப் பாருங்கள். இப்போது ஒ, எ-க்கு முன்பே வந்துவிடுகிறது. என்கோட் செய்யும் பக்கம் ஒ-வுக்கு 100, எ-க்கு 101. டீகோட் செய்யும் பக்கம் எ-க்கு 100, ஒ-வுக்கு 101. விளைவு "அ இ எ உ அ ஒ உ அ இ அ".

பத்தில் எட்டு எழுத்து சரி. 22 பிட்டும் மிச்சமில்லாமல் தீர்ந்தன. கடைசியில் வேரில்தான் நிற்கிறோம். எ ஒன்று, ஒ ஒன்று, எண்ணிக்கையும் பொருந்துகிறது. மேலே சொன்ன இரண்டு தடயமும் இங்கே பயன்படாது, ஏனென்றால் இடம் மாறிக்கொண்ட இரண்டு எழுத்தும் ஒரே எண்ணிக்கையும் ஒரே குறியீட்டு நீளமும் உள்ளவை. பெரிய கோப்பில் அரிதாக வரும் இரண்டு எழுத்துகள் இப்படி இடம் மாறினால் முதல் பக்கத்தைக் கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. மூலக் கோப்பையும் பிரித்த கோப்பையும் பைட் பைட்டாக ஒப்பிட்டால்தான் தெரியும். மூலம் கையில் இல்லாதபோது என்ன செய்வது? அதற்காகத்தான் gzip முறையில் சுருக்கிய கோப்பின் முடிவில் மூலத்திலிருந்து கணக்கிட்ட CRC-32 என்ற சரிபார்ப்பு எண்ணும் மூலத்தின் நீளமும் எழுதப்படுகின்றன. பைத்தானை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ஜாவாவின் `PriorityQueue` சமன் வந்தால் யாரை முதலில் தரும் என்று எந்த உத்தரவாதமும் கொடுப்பதில்லை. சி++-இன் `priority_queue`-வும் அப்படியே. ஒரு பக்கம் ஜாவா, மறுபக்கம் பைத்தான் என்று எழுதினால் எண்ணிக்கைப் பட்டியல் ஒன்றாக இருந்தும் மரம் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

## எண்ணிக்கையை அனுப்பாதீர்கள், நீளத்தை அனுப்புங்கள்

சமனை உடைக்கும் விதியை இரண்டு பக்கமும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக வைப்பது ஒரு தீர்வு. அசைன்மென்டில் அது போதும். "எடை சமமானால் மரத்தில் முதலில் உருவானது முன்னால், எழுத்துகளுக்குள் அகர வரிசை, முதலில் எடுத்தது 0" என்று கேள்வியில் ஒரே ஒரு வரி சேர்த்தால் எல்லோருக்கும் ஒரே மரம்தான் வரும். ஆனால் இதைவிட உறுதியான வழியை உண்மையான கோப்பு வடிவங்கள் எடுத்திருக்கின்றன. 1996-இல் RFC 1951 ஆக வெளிவந்த, gzip பயன்படுத்தும் சுருக்க முறையான DEFLATE-இன் விவரணையில் எண்ணிக்கையும் அனுப்பப்படுவதில்லை, மரமும் அனுப்பப்படுவதில்லை. ஒவ்வொரு குறிக்கும் எத்தனை பிட் நீளம் என்பது மட்டும் போகிறது. குறியீடுகளை இரண்டு விதிகளிலிருந்து பெறுபவரே கட்டிக்கொள்கிறார். குறைந்த நீளமுள்ளவை முதலில், ஒரே நீளமுள்ளவை குறிகளின் இயல்பான வரிசையில் அடுத்தடுத்த எண்களாக.

நம் முதல் மரத்தின் நீளங்களை எடுத்துக்கொண்டால் 2 பிட் உள்ளவை அ, இ, உ. அவற்றுக்கு 00, 01, 10. அடுத்து வர வேண்டியது 11. நீளம் 3-க்கு மாறுவதால் வலப்பக்கம் ஒரு 0 சேர்த்து 110. அது எ. அடுத்தது 111, ஒ. மரம் வரையவே தேவையில்லை. எ-யும் ஒ-வும் இடம் மாற வழியே இல்லை, ஏனென்றால் யார் ஹீப்பிலிருந்து முதலில் வந்தார் என்ற விஷயம் கோப்பைத் தாண்டி வரவே இல்லை. இரண்டாம் மரத்தின் நீளங்களை அனுப்பியிருந்தால் குறியீடுகள் வேறாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். எனக்குத் தேர்வு இருந்தால் முதல் மரத்தைத்தான் எடுப்பேன். மொத்தம் ஒன்றுதான் என்றாலும் மிக நீண்ட குறியீடு 4-க்குப் பதில் 3 பிட்டோடு நிற்கிறது. DEFLATE 15 பிட்டுக்கும் JPEG 16 பிட்டுக்கும் மேல் குறியீட்டை அனுமதிப்பதில்லை என்பதால், நீளம் கட்டுக்குள் இருப்பது அங்கே நேரடியாக உதவும்.

இந்த வழியிலும் ஒரு பொறி பாக்கி இருக்கிறது. கோப்பு பைட் பைட்டாகத்தான் எழுதப்படும், நம்மிடம் இருப்பதோ 22 பிட். மூன்றாவது பைட்டை நிரப்ப இரண்டு 0 சேர்ப்போம். புதிய குறியீட்டில் 00 என்றால் அ. ஆகவே பிரிக்கும்போது கடைசியில் யாரும் அனுப்பாத ஓர் அ முளைக்கும். முதல் மரத்தின் பழைய குறியீட்டில் இதே இடத்தில் ஓர் இ முளைத்திருக்கும். வெளியீட்டின் நுனியில் மட்டும் ஓரிரு எழுத்துகள் கூடுதலாக வந்தால் காரணம் இதுதான். நிரப்பிய பிட்டுகளைப் பார்த்து "இது நிரப்பல்" என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. மொத்த எழுத்து எண்ணிக்கையை முன்னாலேயே எழுதி, அத்தனை எழுத்து வந்ததும் நிறுத்த வேண்டும். அல்லது DEFLATE செய்வதுபோல முடிவுக்கென்றே ஒரு தனிக் குறி வைக்க வேண்டும், அங்கே அது 256-ஆம் குறி.

செய்தி முழுக்க ஒரே எழுத்தாக இருந்தால் மரத்தில் வேரே இலையாகிவிடும், குறியீட்டின் நீளம் 0 ஆகும். அப்போது பிட்டே படிக்காமல் டீகோடர் முடிவில்லாமல் சுற்றும், அல்லது ஒன்றுமே எழுதாமல் வெளியேறும். அந்த எழுத்துக்குக் கட்டாயமாக 1 பிட் என்று வைத்துவிடுங்கள். நம் செய்திக்குக் கோப்பின் தொடக்கத்தில் எழுத வேண்டியவை 10 என்ற எழுத்து எண்ணிக்கையும் அ முதல் ஒ வரை 2, 2, 2, 3, 3 என்ற நீளங்களும் மட்டுமே. பிறகு `00010010 11000101 11010000` என்ற மூன்று பைட். பத்தாவது எழுத்தை எழுதியதும் நிறுத்தினால் கடைசி இரண்டு 0-வை யாரும் தொட மாட்டார்கள்.